3.50 வாங்கியும் சி! – ஒரு மதிப்பீட்டுத் தாளின் கதை

எழுதி ரொம்ப நாளாச்சு. செமஸ்டர், ப்ராஜெக்ட் வைவா என்று வழக்கமான சாக்குகள்தான். போன வாரம் கையில் கிடைத்த ஒரு எக்செல் தாள் தூங்க விடவில்லை, அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

பெரியப்பா மகள் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். எனக்கு அக்கா. பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் கோவை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்கலாம் என்று இருந்தாள். அதற்குள் வருடாந்திர அப்ரைசல் முடிவு வந்துவிட்டது. தாளின் அடியில் இரண்டே விஷயம்: "இறுதி மதிப்பெண் 3.50", "பிரிவு: சி". சி வாங்கியவர்கள் ஒரு வருடத்துக்கு மாற்றல் கேட்கக் கூடாது என்பது அங்கே விதி.

அதே தாளின் பின்பக்கத்தில் பிரிவுகளின் எல்லையும் அச்சாகியிருந்தது. 4.5-க்கு மேல் ஏ, 3.5 முதல் பி, 2.5 முதல் சி, அதற்குக் கீழே டி. அப்படியானால் 3.50 எப்படி சி ஆகும்? மனிதவளத் துறையில் கேட்டதற்கு "சிஸ்டம் போட்டதும்மா, நாங்க கை வைக்கிறதில்ல" என்று பதில். கூடவே, நல்ல மனசு, அவளுடைய வரியை மட்டும் எக்செல் கோப்பாக அனுப்பிவிட்டார்கள். அவள் எனக்கு அனுப்பினாள். எம்.சி.ஏ. படிக்கிற தம்பி வேறு எதற்கு இருக்கிறான்!

தாளின் அமைப்பு எளிமையானது. மதிப்பிடுபவர்கள் மூன்று வகை, எல்லோரும் 1 முதல் 5 வரை போட வேண்டும். மேலாளருக்கு 50 சதவீத எடை, சக ஊழியர்கள் மூன்று பேரின் சராசரிக்கு 30, வாடிக்கையாளருக்கு 20. அக்காவுக்கு மேலாளர் போட்டது 4. சக ஊழியர்கள் 4, 4, 5. வாடிக்கையாளர் 1. உள்ளே இருந்த சூத்திரங்கள் இவைதான் (முதலில் `C2`, பிறகு `E2`, கடைசியாகப் பிரிவு):

```
=ROUND(AVERAGE(G2:I2),2)
=B2*0.5+C2*0.3+D2*0.2
=IF(E2>=4.5,"A",IF(E2>=3.5,"B",IF(E2>=2.5,"C","D")))
```

முதல் வரியைப் பாருங்கள். 4, 4, 5-இன் சராசரி 4.333... என்று முடிவில்லாமல் போகும். அதைப் பாதி வழியிலேயே 4.33 என்று வெட்டிவிட்டார்கள். 4.33-ஐ 0.3-ஆல் பெருக்கினால் 1.299. வெட்டாமல் இருந்திருந்தால் 1.3. மேலாளரின் 2.0, வாடிக்கையாளரின் 0.2 சேர்த்தால் 3.499. கட்டத்தில் இரண்டு தசம இடம் மட்டும் காட்டச் சொல்லியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவது 3.50. ஆனால் சூத்திரம் ஒப்பிடுவது உள்ளே இருக்கும் 3.499-ஐ. எனவே சி.

ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்காக ஒருத்தி ஒரு வருடம் தாயை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். "சிஸ்டம் போட்டது" என்றால் இதுதான் சாமி. சிஸ்டம் எதையும் போடவில்லை. யாரோ ஒருவர் அவசரத்தில் `ROUND`-ஐத் தப்பான இடத்தில் போட்டார். இடையில் எங்கும் வெட்டாமல் கடைசியில் ஒரே ஒரு முறை வெட்டி, காட்டுகிற எண்ணையே ஒப்பிட்டிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

இத்தோடு முடிந்திருந்தால் "எக்செல் கற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருப்பேன். உண்மையான கோபம் அடுத்த நாள்தான் வந்தது.

அக்காவின் குழுவில் ஐந்து பேர். தாளில் "ரகசியம்" என்று போட்டிருந்தாலும் டீக்கடையில் ரகசியம் ஏது? ஐந்து பேரும் எண்களை ஒப்பிட்டார்கள். மேலாளர் ஐந்து பேருக்கும் 4 போட்டிருக்கிறார். யாருடைய மனசும் கோணக் கூடாதாம். சக ஊழியர் சராசரி மற்ற நால்வருக்கும் 4.00, அக்காவுக்கு மட்டும் 4.33. வாடிக்கையாளர் மதிப்பெண் வரிசையாக 5, 4, 3, 2, அக்காவுக்கு 1. இறுதி மதிப்பெண்கள் 4.2, 4.0, 3.8, 3.6, பிறகு அக்காவின் 3.499.

கூட இருந்து வேலை பார்ப்பவர்கள் அதிகம் மதித்தது அக்காவை. ஆனால் அவள் கடைசி. ஏன் என்று பாருங்கள். மேலாளரின் 50 சதவீதம் எல்லோருக்கும் அதே 2.0-ஐத்தான் தருகிறது. எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் வரிசை மாறுமா? மாறாது. ஆகவே காகிதத்தில் பாதி எடை உள்ளவரின் உண்மையான செல்வாக்கு பூஜ்யம். சக ஊழியர்கள் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டியது மொத்தத்தில் 0.1. வாடிக்கையாளர்களோ 1 முதல் 5 வரை பரவலாகப் போட்டதால் 0.8 வித்தியாசம். வெறும் 20 சதவீதக்காரர் முழு வரிசையையும் தீர்மானித்துவிட்டார்.

இதுதான் இந்தப் பதிவின் சாரம், மக்களே. தாளின் தலைப்பில் எழுதியிருக்கும் சதவீதம் எடையே அல்ல. யாருடைய மதிப்பெண் அதிகமாகச் சிதறுகிறதோ அவர்தான் கனமானவர். எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போடும் நல்லவர் உண்மையில் ஓட்டே போடவில்லை.

"எடையை மாற்றினால் சரியாகிவிடுமே" என்று ஹாஸ்டல் நண்பன் சொன்னான். சரி என்று மேலாளருக்கு 70, சக ஊழியருக்கு 20, வாடிக்கையாளருக்கு 10 என்று மாற்றிப் பார்த்தோம். எல்லோரும் பி-க்குள் வந்துவிட்டார்கள், ஆனால் வரிசை இம்மியும் அசையவில்லை. அக்கா 3.77, அவளுக்கு மேலே இருப்பவர் 3.80. மறுபடியும் கடைசி.

இன்னும் ஒரு கொடுமை. ஐந்து பேரின் வாடிக்கையாளர்களும் ஐந்து வேறு ஆட்கள். 5 போட்டவர் படிவம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் 5 போடுகிறவராம். அக்காவின் வாடிக்கையாளர், அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவருக்கும் 1-தான் போட்டிருக்கிறார். அப்படியானால் இந்தத் தாள் ஐந்து ஊழியர்களை வரிசைப்படுத்தவில்லை. ஐந்து வாடிக்கையாளர்களின் சுபாவத்தை வரிசைப்படுத்திவிட்டு, அதற்கு ஊழியர்களின் பெயரை ஒட்டியிருக்கிறது.

இது எங்கள் வீட்டுப் புலம்பல் மட்டுமில்லை. 2000-ஆம் ஆண்டில் ஸ்கல்லன், மௌண்ட், காஃப் என்ற மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 4,492 மேலாளர்கள், ஒவ்வொருவரையும் இரண்டு மேலதிகாரிகள், இரண்டு சகாக்கள், இரண்டு கீழ்ப்பணியாளர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். மதிப்பெண்களில் இருந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல், மதிப்பிட்டவரின் தனிப்பட்ட பாணியிலிருந்தே வந்திருந்தது.

இப்போது ஒரு விளையாட்டு. அக்காவின் வாடிக்கையாளர் படிவத்தை நிரப்பாமலே விட்டிருந்தால்? இந்தச் சூத்திரம் வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும், 3.299, மறுபடி சி. அது தப்பு என்று தெரிந்தவர்கள், வந்த மதிப்பெண்களின் எடையால் மட்டும் வகுப்பார்கள் (எடைகள் முதல் வரியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்):

```
=SUMPRODUCT(B2:D2,$B$1:$D$1)/SUMIF(B2:D2,">0",$B$1:$D$1)
```

சூத்திரம் சரியானது. விடை 4.12. அதாவது அவர் சோம்பேறியாக இருந்திருந்தால் அக்கா குழுவில் இரண்டாம் இடம்! ஒரே ஆள், ஒரே வேலை. ஒரு படிவம் வந்ததா வரவில்லையா என்பதில் இருக்கிறது இரண்டாம் இடமும் கடைசி இடமும்.

ஒவ்வொரு மதிப்பீட்டாளரின் சொந்தச் சராசரியைக் கழித்துவிட்டால் கஞ்சனும் வள்ளலும் சமமாகிவிடுவார்கள் என்று புத்தகம் சொல்கிறது. பத்துப் பேரை மதிப்பிடுகிறவருக்கு அது ஓரளவு சரி. ஒரே ஒருவரை மதிப்பிடுகிறவருக்குக் கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம்தான். மேலும், குறைத்துப் போடுகிறவர் கறாரானவரா, அல்லது அவருக்குக் கிடைத்த ஆட்கள் நிஜமாகவே சுமாரா? அதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அவரிடம் போய்க் கேட்டால்தான் தெரியும். கேட்பதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை, சிஸ்டம் இருக்கிறதே!

எல்லைக்கோடு எவ்வளவு கொடூரமானது என்பதற்கு அரசாங்கமே சாட்சி. தேவ் தத் என்பவர் எல்லைச் சாலைப் பணியில் செயற்பொறியாளர். பதவி உயர்வுக்கு ஐந்து வருடமும் "மிக நன்று" வேண்டும். அதில் ஒரு வருடம் மட்டும் "நன்று". பதவி உயர்வு போயிற்று. "நன்று" என்பது பாதகமான குறிப்பு இல்லையே என்று அதை அவரிடம் சொல்லவே இல்லை. 2008-இல் உச்ச நீதிமன்றம், விளைவில் பாதகம் என்றால் அது பாதகமே, எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு முழு மதிப்பீட்டு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட உத்தரவிட்டது. ஆனால் இது அரசுப் பணிக்குத்தான். தனியார் நிறுவனத்தில் இருக்கும் அக்கா இதைக் காட்டி எதுவும் கேட்க முடியாது.

பலர் மதிப்பிடுவதே தப்பு, மேலாளர் ஒருவரே போடட்டும் என்று நான் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். நான் கேட்பது மூன்று. ஒன்று, யார் எவ்வளவு போட்டார்கள் என்பதையும் அந்த மதிப்பீட்டாளர் வழக்கமாக எவ்வளவு போடுகிறவர் என்பதையும் ஊழியருக்குக் காட்டுங்கள். இரண்டு, ஒரு சகா ஒரு படி ஏற்றிப் போட்டாலே மொத்தம் 0.1 நகர்கிறது. ஆகவே எல்லைக்கு இருபுறமும் 0.1-க்குள் நிற்பவர்களின் பிரிவைச் சூத்திரத்திடம் விடாமல் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மூன்று, மூன்று நான்கு பேர் கண்ணால் குத்துமதிப்பாகப் போட்டதற்கு இரண்டு தசம இடம் எதற்கு? சந்தையில் கைப்பிடியால் அள்ளிய கத்தரிக்காயை நகைக்கடைத் தராசில் நிறுப்பது போல இருக்கிறது.

அக்கா 3.499 கணக்கை அச்செடுத்து மனிதவளத் துறைக்குக் கொடுத்திருக்கிறாள். `ROUND`-ஐத் திருத்திவிடுவார்கள் என்று நினைக்கிறேன், பி கிடைக்கலாம். அந்த 1-ஐப் பற்றி வாடிக்கையாளரிடம் யாராவது கேட்பார்களா என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதற்கு இன்னும் பதில் இல்லை.

டிஸ்கி: வேலைக்குப் போய்விட்ட சீனியர்களே, உங்கள் தாளை எடுத்துப் பாருங்கள். உங்கள் குழுவில் யாருடைய மதிப்பெண் அதிகம் சிதறுகிறது என்று கண்டுபிடியுங்கள். உங்களுடைய உண்மையான பாஸ் அவர்தான் :-)