அட்டை வேறு; இசைவு வேறு

திருச்சிராப்பள்ளியினின்று கரூர் செல்லும் நெடுஞ்சாலையில், காவிரியின் தென்கரையில் உள்ளது, பலகையில் ‘ஜீயபுரம்’ என்று எழுதப்பெற்றிருக்கும் சீயபுரம். வாழையும் நெல்லும் விளையும் அவ்வூரிலும் அதன் சுற்றூர்களிலும், மகனையோ கணவனையோ கடல் கடந்து வேலைக்கு விடுத்த வீடுகள் பல. திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்தினின்று சிங்கைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணமே. நான்கு மணி நேரத்திற் போய்ச் சேரும் நாட்டில், எந்தத் தாளின் வலிமையால் வேலை செய்யப்போகின்றோம் என்பதை அறியாமற் போகின்றவர் தொகையோ இன்றும் குறைந்தபாடில்லை. நிலத்தை ஒற்றிவைக்கு முன் மூல ஆவணத்தை மும்முறை படித்துப் பார்க்கும் தமிழன், தன் உடலுழைப்பையே ஒப்படைக்கும் ஆவணத்தை ஒருமுறையேனும் படிப்பதில்லையெனின், அதைப் பேதைமை என்னாது வேறு என்னென்பது?

சிங்கையில் அயல்நாட்டார்க்கு வேலை கொடுப்பதை ஆளும் சட்டம் 1990-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. 2012-இல் அதன் தண்டங்கள் கடுமையாக்கப்பெற்றன. அதன் ஐந்தாம் பிரிவு கூறுவது எளியது: செல்லுபடியாகும் பணியிசைவு இல்லாத அயல்நாட்டார் எவரையும் எவரும் வேலைக்கு அமர்த்தலாகாது. அமர்த்தியவர்க்கு 5,000 வெள்ளிக்குக் குறையாமலும் 30,000 வெள்ளிக்கு மேற்படாமலும் தண்டம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அக்குற்றத்தை ஒருவர் மீண்டும் செய்தாரெனின் சிறை கட்டாயமாகிவிடுகின்றது. தண்டம் ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியே கணக்கிடப்பெறும் என்பதையும் கருதுதல் வேண்டும். இசைவில்லாத மூவரை அமர்த்தியவர் மூன்று குற்றங்களுக்கு விடை கூறியாக வேண்டும்.

வேலை கொடுத்தவர், “அவர் என் ஆள் அல்லர், சும்மா வந்து நின்றார்” என்று கைகழுவ இயலாது. அச் சட்டத்தின் ஆறாம் பிரிவு அவ்வழியை அடைத்துவிட்டது. வேலைக்களத்தில் அயல்நாட்டார் ஒருவர் கையில் வேலைக்கருவியோடு காணப்பட்டாலோ, அவ்விடத்து வேலையொன்றைச் செய்துகொண்டிருந்தாலோ, மாறாக மெய்ப்பிக்கும் வரை, அவ்விடத்தை ஆள்பவரே அவரை அமர்த்தினார் என்று வழக்குமன்றம் கொள்ளும். மெய்ப்பிக்கும் சுமை அரசின் தோளினின்று முதலாளியின் தோளுக்கு மாறிவிடுகின்றது. சிங்கை முதலாளிமார் ஆவண ஆய்வில் விழிப்பாக இருப்பதற்குக் கரணியம் நன்னெறி மட்டுமன்று, இச்சுமையுமேயாம்.

முதலாளி செய்ய வேண்டிய ஆய்வு மூன்று படிகளை உடையது. முதலாவது, வேலைக்கு வருபவரின் பணியிசைவு அட்டையை மூலமாகவே வாங்கிப் பார்த்தல்; படியெடுத்த தாளை ஏற்றல் கூடாது. இரண்டாவது, அவ்வட்டையிலுள்ள பெயர், பிறந்த நாள், முகப்படம் ஆகியவற்றை அவர்தம் கடவுச்சீட்டோடு ஒப்பிடல். மூன்றாவது, அவ்விசைவு இன்றும் உயிரோடுள்ளதா என்பதை, அதனை வழங்கிய மாந்தவள அமைச்சகத்தின் பதிவிலேயே உசாவி அறிதல். சிங்கையில் ‘மனிதவள அமைச்சு’ என்று தமிழில் வழங்குவது இதுவே.

இம்மூன்றனுள் மூன்றாவதே உயிர்நிலை. ஏனெனில் அட்டை வேறு, இசைவு வேறு. 2017-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பெற்ற அட்டைகளில் இசைவு முடியும் நாள் அச்சிடப்பெறவில்லை. அதன் மாறாகக் கட்டங்கட்டமாய் அமைந்த கியூ.ஆர். குறியொன்று உள்ளது. SGWorkPass என்னும் செயலியைக் கைப்பேசியில் இட்டு அக்குறியைக் காட்டினால்தான் இசைவு நடப்பில் உள்ளதா, நீக்கப்பட்டதா என்பது புலனாகும். முதலாளி இசைவை நீக்கிய மறுநாளும் அட்டை அட்டையாகவே சட்டைப்பையில் இருக்கும். படமும் மாறாது, பெயரும் மாறாது. மெய்யான அட்டையே, ஆயினும் இறந்த இசைவு. கண்ணால் மட்டும் பார்த்து வேலைக்குச் சேர்த்த முதலாளி விழுவதும், அட்டை இருக்கின்றதே என்று ஆறியிருந்த தொழிலாளி விழுவதும் இக்குழியிலேதான்.

இனி, இது நடைமுறையில் எவ்வாறு இயங்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். சீயபுரத்து இளைஞர் ஒருவர்க்குச் சிங்கைக் கட்டுமான நிறுவனம் ஒன்று வேலை தர முன்வருகின்றது எனக் கொள்க. அந்நிறுவனம் அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கின்றது. அமைச்சகம் இசைந்தால் முன்னிசைவு மடல் ஒன்றை விடுக்கின்றது. நம் ஊர் இளைஞர் ‘ஐ.பி.ஏ.’ என்று வழங்குவது இதனையே. நிறுவனத்தின் பெயர், தொழில், அடிப்படை மாத ஊதியம், படிகள், பிடித்தங்கள் யாவும் அதிற் குறிக்கப்பெறும். தொழிலாளியின் தாய்மொழியில் அமைந்த படியும் அதனோடு வரும். தமிழர்க்குத் தமிழிலேயே வரும். நிறுவனம் அவர்பொருட்டு 5,000 வெள்ளிப் பிணையும் கட்டவேண்டும். மடல் நாட்டினுள் நுழைதற்கு உரியது. வேலை செய்தற்கு உரியதன்று. சென்றிறங்கி, மருத்துவ ஆய்வு முடிந்து, பணியிசைவு முறையாக வழங்கப்பெற்ற பின்னரே கையிற் கருவி எடுக்கலாம்.

நம் இளைஞர் இவ்வாறு முறையாகவே சென்று சேர்ந்தார். ஆறு திங்கள் கழித்துக் கட்டுமான வேலை குறைகின்றது. ஆளுக்குத் திங்கள்தோறும் அரசுக்குக் கட்டவேண்டிய தீர்வையோ குறையவில்லை. நிறுவனத்தின் மேலாள், “சில கிழமைகள் என் நண்பரின் உணவகத்தில் வேலை செய், ஊதியம் அவரே தருவார்” என்கின்றார். இளைஞர்க்கோ ஊரில் முகவரிடம் கட்டிய கடன் கழுத்தை நெரிக்கின்றது, போகின்றார். ஒருநாள் அமைச்சக அலுவலர் உணவகத்துள் நுழைகின்றனர். இளைஞர் அட்டையை நீட்டுகின்றார். குறியைப் பார்க்கின்றனர், இசைவு நடப்பில்தான் உள்ளது. ஆயினும் அதில் உள்ள முதலாளி வேறு, தொழில் வேறு. பணியிசைவு என்பது ஆளுக்கு மட்டும் தருவதன்று. இன்ன முதலாளியிடம், இன்ன தொழிலில், இன்ன காலம் வரை என்று மூன்று முடிச்சுகளால் கட்டித் தருவது. ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் அவ்விடத்துக்கு அது இசைவே ஆகாது.

உணவகத்தார் கையும் களவுமாய்ப் பிடிபட்டார். இளைஞர் ஏனத்தைக் கழுவிக்கொண்டு நின்றமையால், அவரை அமர்த்தியது தாமல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் தலைமேல் ஏறிற்று. அட்டையை வாங்கிக் குறியைப் பார்த்திருப்பின், இவர் வேறொரு நிறுவனத்தின் ஆள் என்பது அந்நொடியே விளங்கியிருக்கும். பாராமல் விட்டமைக்கு விலை ஐயாயிரம் வெள்ளியினின்று தொடங்குகின்றது. இது முறையே, எவரும் குறை கூறார்.

ஆனால் இளைஞர் நிலை யாது? இசைவின்றி வேலை செய்த அயல்நாட்டார்க்கு 20,000 வெள்ளி வரை தண்டம், அல்லது ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதே சட்டம் கூறுகின்றது. சிறைக்காலத்தின் மேல்வரம்பை நோக்குக: அமர்த்தியவர்க்கு முதன்முறை ஓராண்டு, அமர்ந்தவர்க்கு ஈராண்டு! ஊரும் மொழியும் புதியனவாய், கடன் தலைமேலிருக்க, மேலாள் சொல்லைத் தட்ட இயலாது போனவரும், ஆதாயம் நாடி அவரை வாங்கியவரும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்படுகின்றனர். நிறையும் எளியவர் பக்கமே தாழ்கின்றது.

இதன் விளைவு என்ன? ‘முறையற்ற இடத்தில் வேலை வாங்குகின்றனர்’ என்று தொழிலாளி முறையிட வாய் திறந்தால், முதலில் தம் குற்றத்தையே ஒப்புக்கொள்வதாகின்றது. எனவே அவர் வாய்திறவார். அவர் வாய்திறவாமையே குற்றமிழைத்த முதலாளிக்கு அரணாகிவிடுகின்றது. முதலாளியை அடக்குதற்கென்று எழுந்த தண்டம், தொழிலாளியின் அச்சத்தால் முனை மழுங்குகின்றது. அனுப்பப்பட்ட இடத்துக்குச் சென்று, தாமே முன்வந்து உண்மை உரைக்கும் தொழிலாளியை ஒறுப்பினின்று விலக்கி, வேறு முதலாளியிடம் சேர வழிசெய்வதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தல், தண்டத்தொகையை உயர்த்துவதினும் மிகுதியான பயன் தரும். பிடிக்கும் அலுவலர் நூற்றுவரினும் அஞ்சாது உரைக்கும் தொழிலாளி ஒருவர் வலியர்.

கடலுக்கு அப்பால் உள்ள சட்டத்தைத் திருத்துவது தமிழகத்தின் கையில் இல்லை. கடலுக்கு இப்பால் செய்யவேண்டியதோ தமிழகத்தின் கையிலேயே உள்ளது. முன்னிசைவு மடலின் உண்மையை அமைச்சகத்தின் mom.gov.sg தளத்தில், கடவுச்சீட்டு எண் முதலிய குறிப்புகளை இட்டு, சீயபுரத்திலிருந்தே பார்த்துவிடலாம். வானூர்திச் சீட்டு எடுக்குமுன், முகவரிடம் பணம் எண்ணிக் கொடுக்குமுன் இதைச் செய்தல் வேண்டும். மடலில் உள்ள ஊதியமும் முகவர் வாயிலுள்ள ஊதியமும் ஒன்றா? மடலில் உள்ள தொழிலும் சொல்லப்பட்ட தொழிலும் ஒன்றா? நிறுவனத்தின் பெயர் எது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தமிழிலேயே அத்தாளில் இருக்கின்றது. “முதலிற் சுற்றுலா நுழைவிசைவில் போ, அங்கே மாற்றித் தருவர்” என்று முகவர் கூறினாலோ, அப்பேச்சோடு எழுந்து வந்துவிடல் வேண்டும். சுற்றுலா இசைவு எத்துணை நாள் இருப்பினும் ஒரு நாள் வேலைக்கும் உதவாது. பதிவு பெறாத முகவர் அயல்நாட்டு வேலைக்கு ஆளெடுப்பதே இந்திய ஒன்றியத்தின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம். பதிவெண்ணைக் கேட்பது வழக்காடுவது அன்று, உரிமை.

கடன்தான் இளைஞரை உணவகத்துக்கு அனுப்பியது என்பதையும் மறத்தலாகாது. வேலை தருவதற்கென்று சிங்கை முதலாளி தொழிலாளியிடம் பணம் பெறுவதே அந்நாட்டில் குற்றம். அதற்கு 30,000 வெள்ளி வரை தண்டமும் ஈராண்டு வரை சிறையும் உண்டு. ‘நிறுவனத்துக்குக் கொடுக்கவேண்டும்’ என்று இங்குள்ள முகவர் கேட்கும் தொகை எத்தகையது என்பது இதனால் விளங்கும்.

தமிழக அரசுக்கு அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித்துறை உண்டு. அத்துறை திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்தில் ஓர் ஆய்வு மேசை இட்டால் மட்டும் போதாது. அங்கு வருமுன்னரே பணம் கைமாறிவிடுகின்றது. சீயபுரம் போன்ற ஊர்களின் நூலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ கிழமைக்கு ஒருநாள், மடலை வாங்கித் தளத்திற் சரிபார்த்து, மூன்று முடிச்சுகளையும் படித்துக்காட்டி, ஒரு படியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லும் ஆள் ஒருவர் இருத்தல் வேண்டும். அப்படி வீட்டிலிருப்பின், மகன் வேறிடத்தில் வேலை செய்கின்றான் என்று தொலைப்பேசியிற் கேட்ட அன்றே, அது தவறென்று தாய்க்கும் தெரியும்.

சிங்கை அரசு தமிழில் எழுதி அனுப்புகின்றது. அதைத் தமிழ்நாட்டிற் படித்துக்காட்ட ஆளில்லை என்பது யாருடைய குற்றம்?