கடிதத்தை வாசிக்காதீர்கள், சொல்லுங்கள்

தோட்டத்துக்கு வரும் கடிதத்தைப் போனில் படமெடுத்து, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவது இப்போது எல்லா லயத்திலும் நடக்கிறது. பிள்ளையும் வாசித்து, குரல் பதிவாக அனுப்புகிறது. ஆனால் பலர் கடிதத்தை வரிக்கு வரி அப்படியே ஒப்பிக்கிறார்கள். எழுத்தென்றால் கண்ணை மேலே ஓட்டித் தேதியைத் தேடலாம். குரலில் முடியாது, மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். நான்கு நிமிடப் பதிவின் கடைசியில் தேதி இருந்தால் அது காதில் நிற்காது.

ஓர் உதாரணம். வேலையிலிருந்து நின்ற பெரியம்மா சேமலாப நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் வேறு பெயர். (நம்மில் எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை!) தொழில் காரியாலயம் அவரை அழைக்கிறது. கடிதம் சிங்களத்தில். தமிழும் அரசகரும மொழிதான், தமிழில் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வாதத்துக்குள் தேதி போய்விடக் கூடாது.

பதிவு செய்யுமுன் பேசுவது போலவே தாளில் எழுதுங்கள்:

“பெரியம்மா, கடுதாசி பார்த்தேன். பயப்பட ஒன்னுமில்ல. 12ஆம் தேதி, வியாழக்கிழம, காலைல 9 மணிக்கு லேபர் ஒபிசுக்குப் போகணும். பத்தாம் தேதி சம்பளம் போடுவாங்கல்ல, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு. ஐடென்டிட்டி கார்ட், பொறப்புப் பத்திரம், இந்தக் கடுதாசி, மூனையும் எடுத்துட்டுப் போங்க. கொப்பி வேணாம், ஒரிஜினல். கார்டுல ஒரு பேரு, தோட்டத்துல ஒரு பேரு இருக்கு. ரெண்டும் நீங்கதான்னு காட்டத்தான் கூப்பிடுறாங்க. போகலன்னா காசு தாமதமாகும்.”

நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். “நாளைக்கு”, “அடுத்த கிழமை” என்று சொல்லாதீர்கள். சிக்னல் இல்லாமல் இரண்டு நாள் கழித்துக் கேட்டால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். தேதி, இடம், கொண்டுபோக வேண்டியவை மட்டும் இரண்டாவது சிறு பதிவாக இருக்கட்டும். அன்று காலையில் அதை மட்டும் கேட்டால் போதும். சுருக்குகிறேன் என்று “ஒரிஜினல்” என்பதை விட்டால், ஒரு நாளும் பஸ் காசும் வீண்.

ஒன்று கவனியுங்கள். லயத்தில் பதிவைச் சத்தமாகத்தான் போடுவார்கள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். நிதியில் எவ்வளவு காசு, வங்கிக் கணக்கு இலக்கம் என்ன என்பதையெல்லாம் அதில் பேச வேண்டாம். அதை நேரில் அழைத்துச் சொல்லுங்கள்.

கடைசியில் “வெளங்குச்சா?” என்று கேட்டால், விளங்காவிட்டாலும் “ஆமா” என்றுதான் பதில் வரும். “என்னைக்குப் போறீங்க, என்னென்ன கொண்டு போறீங்கன்னு எனக்கு ஒருக்கா சொல்லி அனுப்புங்க” என்று கேளுங்கள். மூன்றில் இரண்டைத்தான் சொன்னால், விட்டுப்போன ஒன்றை மட்டும் இன்னொரு பதிவில் அனுப்புங்கள்.