சிவந்தால் ஏற்றமா, இறக்கமா?

ஷாங்காய் பங்குச் சந்தையின் விலைப்பலகை முழுவதும் சிவந்திருக்கும் படத்தை நம் ஊர் முதலீட்டாளரிடம் காட்டினால், சந்தை சரிந்துவிட்டதாகவே அவர் கொள்வார். உண்மையில் அது ஏற்றத்தின் நிறம். சீனப் பெருநிலப்பகுதி, தைவான், ஜப்பான், தென் கொரியா ஆகியவற்றில் விலை உயர்ந்தால் சிவப்பு. வீழ்ந்தால் சீனாவில் பச்சை; தென் கொரியாவில் நீலம்.

சிவப்பு சீனர்களின் மங்கல நிறம் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். திருமண உடையும் புத்தாண்டுப் பண உறையும் சிவப்பு என்பது மெய்தான். ஆனால், அந்த விளக்கம் முழுமையானதல்ல. நிதிப் பற்றாக்குறையைக் குறிக்கும் சீனச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'சிவப்பு எழுத்து'. ஜப்பானியத்திலும் அதே சொல்தான். கணக்கேட்டில் இழப்பைக் காட்டும் நிறம் விலைப்பலகையில் ஏற்றத்தைக் காட்டுகிறது. நம்மிடமும் இம்முரண் உண்டு: புதுக்கணக்கு நோட்டுக்குக் குங்குமம் இடும் வணிகர், சந்தைத் திரை சிவந்தால் கலங்குகிறார். ஆகவே, 'இன்ன நாட்டுக்கு இன்ன நிறம்' என்று விளம்பரத் துறையினர் நீட்டும் பட்டியல்களை நான் பெரிதும் நம்புவதில்லை. நிறத்தின் பொருளை நாடு மட்டும் தீர்மானிப்பதில்லை; அது தோன்றும் இடமும் தீர்மானிக்கிறது.

இதற்கு ஹாங்காங்கே சான்று. அங்கும் திருமணத்துக்குச் சிவப்புதான் மங்கலம். எனினும், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வளர்ந்த அதன் சந்தையில், மேலைநாட்டு வழக்கப்படி ஏற்றம் பச்சை, இறக்கம் சிவப்பு. சீனத் தொழில் வணிக வங்கியின் பங்குகள் ஷாங்காய், ஹாங்காங் இரண்டிலும் பட்டியலிடப்பட்டவை. ஒரே நாளில் இரு இடங்களிலும் அவை உயர்ந்தால், ஒரு திரையில் சிவப்பாகவும் மறு திரையில் பச்சையாகவும் தெரியும். 2014 நவம்பரில் இவ்விரு சந்தைகளும் இணைக்கப்பட்டு, ஒரு பக்கத்து முதலீட்டாளர் மறுபக்கத்துப் பங்குகளை வாங்க வழி திறந்த பின், இந்தக் குழப்பம் நடைமுறைச் சிக்கலாகிவிட்டது.

அப்பகுதியின் பல வணிகச் செயலிகள், எந்த நிறம் ஏற்றம் என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்கும் வசதியை அளிக்கின்றன. இதுவே சரியான வழி என்பது என் கருத்து. சந்தைக்குச் சந்தை நிறம் மாறினால், பல நாட்டுப் பங்குகளை ஒரே திரையில் வைத்திருப்பவர் ஏமாறுவார். நிறம் பார்ப்பவரின் பழக்கத்தைப் பின்பற்ற வேண்டும். பங்கு எங்கே விற்கிறது என்பதையல்ல. அதோடு, கூட்டல் கழித்தல் குறியோ மேல்நோக்கிய, கீழ்நோக்கிய அம்போ கட்டாயம் இருக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்களுக்கும் அக்குறி உதவும்.

வளர்ச்சியைக் கொண்டாட நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏறுமுக வரைபடக் குறியைக் கவனித்துப் பாருங்கள். பல கைப்பேசிகளில் அதன் கோடு சிவப்பாகவே இருக்கும். எமோஜிகள் பிறந்தது ஜப்பானில் அல்லவா!