தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை

ஏற்காட்டில் பனி இறங்கினால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 76 வயது. விறகடுப்புப் புகையிலேயே காலம் போனவர். இரண்டு கண்ணிலும் புரை. "டீச்சரம்மா, மருந்து இழுத்தும் மூச்சு வாங்குதே" என்றார். "எங்கே, செஞ்சு காட்டுங்க பாட்டி" என்றேன்.

குலுக்கவே இல்லை. ஸ்பேசரில் இன்ஹேலரைச் செருகி, சேர்ந்தாற்போல் இரண்டு தடவை அழுத்தினார். பிறகு நிதானமாக வாயில் வைத்தார். அதற்குள் மருந்தில் பெரும்பங்கு குழாயின் சுவரில் படிந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த டப்பாவில் 120 அழுத்தம்தான். காலையில் 2, இரவில் 2 என்றால் 30 நாளில் தீர வேண்டும். பொங்கலன்று ஆரம்பித்ததை மாசிக் கடைசியிலும் இழுத்துக்கொண்டிருந்தார். மருந்து தீர்ந்தாலும் உள்ளே மிச்சமிருக்கும் வாயு 'புஸ்' என்று வரும். எண் காட்டும் சின்ன ஜன்னல் இருந்தாலும் அவர் கண்ணுக்கு அது தெரியாது.

கையால் தடவியே செய்யும்படி இப்படிச் சொல்லிக் கொடுத்தேன்:

1. தினசரி இன்ஹேலருக்கு இரண்டு ரப்பர் பேண்ட். மூச்சுத் திணறும்போது எடுப்பதற்கு ஒன்றும் வேண்டாம்.
2. மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். தூசி, துண்டு எதுவும் இருக்கக் கூடாது.
3. உலோகக் குப்பி மேலே இருக்கட்டும். நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் பின்பக்கம் செருகுங்கள்.
4. மூச்சை வெளியே விட்டு, ஸ்பேசரைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டை இறுக்குங்கள். ஒரே ஒரு தடவை அழுத்தி, உடனே மெதுவாக இழுங்கள். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள். முடியாதவர்கள் வாயை எடுக்காமல் ஐந்து முறை மூச்சை இழுத்து விடலாம்.
5. அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி அடுத்தது. முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும்.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். தீரும் தேதியைப் பேத்தி காலண்டரில் பெரிய வட்டமாகப் போட்டிருக்கிறாள். திணறலுக்கான மருந்து எடுத்தும் பேச முடியாமல் மூச்சு முட்டினால், காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மருந்து கொடுத்த இடத்தில் பாட்டிக்கு ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்கள். பொடி எழுத்து. "புரிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறார்கள், இவரும் தலையாட்டியிருக்கிறார். வகுப்பில் தலையாட்டிய பிள்ளைகளை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். கரும்பலகைக்கு வந்து கணக்கைப் போடும்போதுதான் உண்மை தெரியும். அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. மருந்து தருபவர்கள் ஒவ்வொரு முறையும் "செய்து காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால், வீட்டில் இருக்கும் நாம் இன்றைக்கே கேட்போம்.