நினைவூட்டலைப் பழைய மின்னஞ்சல் தொடரிலேயே அனுப்புங்கள்

வங்கிக்கு அனுப்பிய புகாருக்குப் பத்து நாட்களாகியும் தீர்வு வரவில்லை. இந்நிலையில் வாடிக்கையாளர்களில் சிலர் பழைய மடலைத் திறந்து அதற்குக் கீழேயே நினைவூட்டல் எழுதுகின்றனர். வேறு சிலர் ‘மிக அவசரம்’ என்னும் தலைப்புடன் புதிய மடல் ஒன்றை அனுப்புகின்றனர். புதிய மடல் உடனே கண்ணில் படும் என்பது அவர்களது எண்ணம். நாங்கள் முதல் வகையினரின் பக்கமே நிற்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மார்ச் 3-ஆம் தேதி ஏ.டி.எம்.-இல் பணம் வெளிவராமலே ஒருவரது கணக்கில் ரூ.10,000 கழிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து நாட்களுக்குள், அதாவது மார்ச் 8-க்குள், தொகை தானாகவே திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். அதற்குப் பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. தொகை வராததால் அவர் 9-ஆம் தேதி மின்னஞ்சலில் புகார் அனுப்புகிறார். புகார் எண் ஒன்று கிடைக்கிறது. 19-ஆம் தேதி பொறுமையிழந்து, அந்த எண்ணைக் குறிப்பிடாமல் புதிய மடல் எழுதுகிறார்.

புகார்களைக் கையாளும் மென்பொருளுக்கு அது நினைவூட்டல் அன்று, இன்னொரு புகார். அதற்கு வேறு எண் உண்டாகிறது, வேறோர் அலுவலரின் கைக்குப் போகிறது. அவருக்கு முந்தைய மடலும் தெரியாது, அதனுடன் வந்த ஏ.டி.எம். ரசீதும் தெரியாது. எனவே நடந்த நாள், நேரம், இயந்திரம் இருந்த இடம் ஆகியவற்றை முதலிலிருந்து கேட்டு எழுதுகிறார். இரண்டும் ஒன்றே என்று பிறகு கண்டறியப்படும்போது, ஒன்று ‘இரட்டைப் பதிவு’ என்று முடித்துவைக்கப்படும். ‘உங்கள் புகார் முடிக்கப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி போகும். பணம் வராமலே புகார் முடிந்ததா என்று வாடிக்கையாளர் கொதிப்பது நியாயந்தான்.

இதனினும் பெரிய சிக்கல் நாட்கணக்கில் இருக்கிறது. வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். மார்ச் 9-இலிருந்து எண்ணினால் அந்த 30 நாள் ஏப்ரல் 8-இல் நிறைகிறது. ஆனால் ஏப்ரல் 10-ஆம் தேதி முறையிடும் வாடிக்கையாளர், கைக்கு எட்டிய 19-ஆம் தேதி மடலை மட்டும் இணைத்தால், காலம் இன்னும் கனியவில்லை என்று முறையீடு திரும்பக்கூடும். முதல் மடலின் தேதி அவருடைய உரிமைச் சீட்டு. அதை அவரே மறைத்துவிடுகிறார். ஒரே தொடரில் எழுதியிருந்தால் அத்தேதி ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் அடியில் அச்சடித்தாற்போல் நின்றிருக்கும்.

மடல்கள் ஒன்றோடொன்று எப்படிக் கோக்கப்படுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறோம். Reply பொத்தானை அழுத்தும்போது, In-Reply-To என்னும் கண்ணுக்குத் தெரியாத வரியில் முந்தைய மடலின் அடையாளம் பதிகிறது. புகார் மென்பொருள்கள் பலவும் இதனுடன் தலைப்பிலுள்ள புகார் எண்ணையும் பார்க்கின்றன. தலைப்பை மாற்றினால் ஜிமெயில் போன்ற சேவைகளில் அதுவே தனித் தொடராகிவிடும். ஆகவே தலைப்பில் கைவைக்க வேண்டாம். அவசரத்தை மடலின் முதல் வரியில் எழுதலாம். ‘பதில் அனுப்ப வேண்டாம்’ என்ற குறிப்புடன் தானியங்கி முகவரியிலிருந்து வந்த ஒப்புகைக்குப் பதில் எழுதுவது மட்டும் வீண். அத்தகைய வேளையில், தாங்கள் முதலில் அனுப்பிய மடலைத் திறந்து, பெறுநர் முகவரியைச் சரிபார்த்து, அதன்மேல் புகார் எண்ணுடன் எழுத வேண்டும்.

பழைய தொடர் எல்லாவற்றுக்கும் உதவும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஏ.டி.எம். புகாரின் தொடரிலேயே ‘அப்படியே என் முகவரியையும் மாற்றிவிடுங்கள்’ என்று எழுதுவோர் உண்டு. பணம் வரவானதும் அப்புகார் முடிக்கப்படும். முகவரி மாற்றமும் அதனோடு புதைந்துபோகும். வேறு காரியத்துக்கு வேறு மடலே முறை.

மேல்நிலை அலுவலருக்குக் கொண்டுசெல்லும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. Reply பொத்தானை அழுத்தி முகவரியை மட்டும் மாற்றினால், பழைய மடலின் எழுத்துகள் போகும். இணைப்புகள் பொதுவாகப் போகா. ரசீதைக் காணாத அதிகாரி மீண்டும் அதையே கேட்பார். அங்கே Forward பொத்தானே பொருந்தும். அது இணைப்புகளையும் சேர்த்தே எடுத்துச் செல்லும். மேலே இரண்டு வரிகள் போதும்: புகார் எண், முதல் மடல் அனுப்பிய தேதி.