ரிட் மனுவில் மேல்முறையீட்டை எழுதாதீர்கள்

நம் வீடுகளில் முதல் தலைமுறையாக அரசு வேலைக்குப் போனவர்களுக்குக் குற்றச்சாட்டு குறிப்பாணை வருவது புதிதல்ல. துறை விசாரணை நடக்கும், 'நிரூபணம்' என்று அறிக்கை வரும், வேலை போகும். பிறகு உயர்நீதிமன்றத்துக்கு ஓடுவோம். அங்கே தாக்கலாகும் மனுக்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆதங்கம்தான். 'சாட்சி பொய் சொன்னார், விசாரணை அதிகாரி அதை நம்பியது தவறு' என்று முப்பது பக்கம் எழுதியிருப்பார்கள். அந்த வாதத்தைக் கேட்கும் இடமே அது இல்லை.

யாரை நம்புவது, எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை என்பதை மறுபடி எடைபோடுவது மேல்முறையீட்டின் வேலை. 226ஆம் பிரிவில் உயர்நீதிமன்றம் அதைச் செய்யாது. முடிவுக்கு அடியில் சான்று என்று ஏதாவது இருக்கிறதா, இருப்பதை வைத்து நிதானமுள்ள ஒருவர் அந்த முடிவுக்கு வர முடியுமா என்று மட்டும் பார்க்கும்.

இந்தக் கோட்டை விளங்கிக்கொள்ள எச்.சி. கோயல் வழக்கு போதும். மத்தியப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். 1956இல் மேலதிகாரி ஒருவரின் வீட்டுக்குப் போனார். பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார், அது நூறு ரூபாய் நோட்டு போலத் தெரிந்தது என்பது அந்த மேலதிகாரியின் சாட்சியம். லஞ்சம் கொடுக்க முயன்றதாகக் குற்றச்சாட்டு. விசாரணை அதிகாரி நிரூபணமாகவில்லை என்றார். அரசு அதை ஏற்காமல் வேலையை விட்டு நீக்கியது.

1963இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு இதை எப்படி அணுகியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மேலதிகாரி பொய் சொன்னாரா என்ற கேள்விக்குள் அது போகவில்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அதிலிருந்து குற்றம் பிறக்கிறதா என்று கேட்டது. பிறக்கவில்லை. மடித்த தாள் நோட்டு 'போல' இருந்தது என்பதில் சந்தேகம் இருக்கிறது, சான்று இல்லை. பணிநீக்கம் நிற்கவில்லை. எதிர்த்தரப்பு சாட்சியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதன் பிறகும் முடிவு விழுகிறது என்று காட்டுவதுதான் 'சான்றே இல்லை' என்ற வாதம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஹரியானா பேருந்து நடத்துனர் ரத்தன் சிங்கின் வழக்கு. பறக்கும் படை சோதித்தபோது 11 பயணிகளிடம் டிக்கெட் இல்லை; பணம் கொடுத்துவிட்டோம் என்றார்கள். விசாரணையில் அந்தப் பயணிகளில் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. கீழ் நீதிமன்றங்கள் நடத்துனர் பக்கம் நின்றன. 1977இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. சோதனை செய்த ஆய்வாளர் நேரில் வந்து, தான் கண்டதைச் சொன்னார். அது ஏதோ ஒரு சான்று, அது போதுமா என்று எடைபோடுவது எங்கள் வேலையல்ல என்றது. தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ணய்யர்! தொழிலாளர் பக்கம் சாய்பவர் என்று பெயர் எடுத்தவரின் பேனாவே இந்தக் கோட்டை இவ்வளவு இறுக்கமாகப் போட்டிருக்கிறது.

அப்படியென்றால் ஒரு சாட்சியை உட்கார வைத்தாலே அதிகாரி தப்பிவிடலாமா? முடியாது. டெல்லி காவலர் குல்தீப் சிங், தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டதாகக் குற்றச்சாட்டு. அந்தத் தொழிலாளர்களை விசாரணைக்கு அழைக்கவில்லை. முன்பு எழுதி வாங்கிய வாக்குமூலத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். குறுக்கு விசாரணைக்கு ஆளே இல்லை. விசாரணை நடந்தது, கோப்பு தடிமனாக இருந்தது. ஆனால் குற்றச்சாட்டைத் தாங்கும் சான்று அதற்குள் இல்லை. நிதானமுள்ள எவரும் வந்திருக்க முடியாத முடிவு என்று 1998இல் உச்சநீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்து செய்தது. ரத்தன் சிங் வழக்கின் ஆய்வாளர் நேரில் நின்று பேசினார்; இங்கே முக்கியமான விஷயத்தைப் பேச யாரும் வரவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

இந்தக் கோட்டையே எடுத்துவிட வேண்டும் என்று சில தோழர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. தொழிலாளர் நீதிமன்றம் சாட்சிகளைக் கேட்டு ஒருவருக்கு மீண்டும் வேலை தரச் சொல்கிறது, நிர்வாகம் ரிட் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சான்றுகளை மறுபடி எடைபோட முடியாது' என்ற அதே வரிதான் அப்போது நம் ஆளைக் காப்பாற்றும்.

என் கோபம் வேறு இடத்தில். சான்றுகளை எடைபோடும் உண்மையான மேல்முறையீடு ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: துறைக்குள்ளேயே செய்யும் மேல்முறையீடு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளில் 27ஆவது விதி, விசாரணை முடிவுகளுக்குப் பதிவிலுள்ள சான்று ஆதாரமாக இருக்கிறதா என்று மேல்முறையீட்டு அதிகாரி பார்த்தாக வேண்டும் என்கிறது. நம்மவர்கள் அங்கே 'குடும்பம் தெருவில் நிற்கிறது, கருணை காட்டுங்கள்' என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்த முப்பது பக்கத்தை எழுத வேண்டிய இடம் அதுதான். அதற்கும் முன்னால், விசாரணை அறையிலேயே, வராத சாட்சியை அழைக்கச் சொல்லி எழுத்தில் கேட்டு, மறுத்தால் அந்த மறுப்பையும் பதிவில் ஏற்றிவிடுங்கள். உயர்நீதிமன்றம் புரட்டிப் பார்க்கப் போவது அந்தப் பதிவைத்தான்.