பத்து காவானும் பத்து கிலோமீட்டரும்

வாகன நெரிசல் அறிவிப்புக்கு எழுதப்பட்ட இந்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள்: “பத்து காவானிலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன.” தாளில் இரண்டு ‘பத்து’வும் ஒன்றுதான். வாயில் வேறு வேறு. முதலாவது மலாய்ச் சொல். கல் என்று பொருள். அதன் முதல் ஒலி ‘அம்பு’ என்னும்போது உதடு தரும் மென்மையான ஒலி. இரண்டாவது நம்முடைய எண். ‘பல்’ என்பதில் வரும் வல்லொலி.

இது அபூர்வமாக வரும் சிக்கல் இல்லை. பினாங்கின் இரண்டாவது பாலம் 2014 மார்ச்சில் திறக்கப்பட்டது. 24 கிலோமீட்டர் நீளம். அதன் ஒரு முனை பத்து காவான், மறு முனை பத்து மாவுங். தமிழ்நாட்டிலிருந்து வந்து குரல் கொடுப்பவர் இரண்டையும் எண்ணாகவே வாசித்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் எழுத்து அப்படித்தான் வாசிக்கச் சொல்கிறது.

ப என்ற ஓர் எழுத்துக்கு ஒலி இடத்தைப் பொறுத்து மாறுகிறது. சொல்லின் தொடக்கத்தில் வல்லொலி. இரட்டித்தால் வல்லொலி. மெல்லினத்துக்குப் பின்னால் மெல்லிய ஒலி. இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்தாலும் மென்மைதான். எங்கள் ஊர் நிபோங் திபாலில் இரண்டு இடத்தில் வருகிறது, எந்தத் தமிழரும் தவறாகச் சொல்வதில்லை. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் சிப்பாங்கிலும் ‘ப்ப’ எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஒற்றைப் ப போட்டிருந்தால் ஒலி இளகியிருக்கும். பத்து காவானின் ‘த்து’வும் அதே காரணத்துக்காகத்தான். நடு ஒலிக்கு வழி பிறந்தது, முதல் ஒலிக்குத்தான் பிறக்கவில்லை.

அதனால் வாசிப்புத் தாளில் நான் செய்வது சின்ன வேலை. மென்மையாகத் தொடங்க வேண்டிய எழுத்தின் கீழ் ஒரு கோடு போடுகிறேன். வழக்கமாக எண்களை எழுத்தால் எழுதுவோம்; இந்த வாக்கியத்தில் மட்டும் ‘10 கிலோமீட்டர்’ என்று இலக்கத்தில் எழுதிவிடுவேன். கண் குழம்பாது.

ஆங்கிலச் சொற்களிலும் இதே கணக்கு. பேப்பருக்கு ‘ப்ப’ வேண்டும், லேபருக்கு ஒற்றைப் ப போதும். ஆனால் ரப்பர்? ஆங்கிலத்தில் அங்கே மென்மையான ஒலி, நாம் எழுதுவதோ இரட்டைப் ப. ‘ரபர்’ என்று திருத்த ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். ரப்பர்க் காட்டில் பால் வெட்டிய தலைமுறைகள் வல்லொலியோடு சொல்லிச் சொல்லி அதைத் தமிழ்ச் சொல்லாக்கிவிட்டன. ஆங்கில ஒலியைக் கொண்டுவந்தால் கேட்கிற பாட்டிக்கு நாம்தான் தப்பாகச் சொல்கிறோம் என்று தோன்றும்.

வடசொல்லில் சிக்கல் இன்னும் நுட்பம். பரதநாட்டிய நிகழ்ச்சி ஒன்றின் பின்னணிக் குரலுக்கு “அவர் முகத்தில் பாவம் தெரிகிறது” என்று எழுதி வந்தது. வல்லொலியில் வாசித்தால் செய்த தீவினை முகத்தில் தெரிகிறது. மெல்லொலியில் வாசித்தால் உணர்ச்சி வெளிப்பாடு. வடமொழியில் இவை வெவ்வேறு எழுத்துகளில் தொடங்கும் இரு சொற்கள், தமிழில் ஒரே உருவம். கதை என்பதும் அப்படித்தான்: பாட்டி சொன்னதா, பீமன் தூக்கியதா?

தோத்திரப் புத்தகங்களில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று சின்ன எண் போட்டு இந்த வேறுபாட்டைக் காட்டுவார்கள். நிதானமாகப் பாராயணம் செய்பவருக்கு அது உதவும். முப்பது விநாடிக்குள் வாசித்து முடிக்க வேண்டியவருக்கு ஒவ்வோர் எண்ணும் ஒரு தடுக்கல்.

‘சுபாவம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே வடசொல்தான் உள்ளே இருக்கிறது, ஆனால் ப நடுவில் வந்துவிட்டதால் யாரும் தவறுவதில்லை. அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டேன். ‘முகபாவம்’ என்று சேர்த்து எழுதினேன். நாக்கு தானாகவே இளகியது, கோடுகூடத் தேவைப்படவில்லை. ஒன்று மட்டும் கவனம்: இடையில் ‘ப்’ போட்டு ‘முகப்பாவம்’ ஆக்கினால் மறுபடியும் தீவினை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எழுத்தால் தீர்க்க முடியாத இடமும் உண்டு. ம் என்பதற்குப் பின்னால் ப வந்தால் தமிழ் நாக்கு அதை மென்மையாக்கியே தீரும். கோலாலம்பூரில் மலாய்க்காரர் சொல்லும் வல்லொலி நம் எழுத்தில் இல்லை. ‘ம்ப்பூ’ என்று எழுதினால் கண்ணுக்கும் உறுத்தும். அந்தப் பெயர் நம் வாயில் பழகிவிட்டது, விட்டுவிடலாம். நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கேம்பஸுக்கும் இதே தொல்லைதான். அங்கே நான் எழுத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. ‘வளாகம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன்.